கேஸ் போகும்வரை பட்டினியா?

வயிற்றில் பெரிய ஆபரேஷன் முடிந்த மறுநாள் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, கேஸ் போச்சா?" அது போகும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்பது ஒரு காலத்தில் விதியாகவே இருந்தது. இன்று பல ஆஸ்பத்திரிகளில் டாக்டரே இட்லி கொடுக்கச் சொன்னாலும், உடனிருக்கும் உறவினர்கள் பயந்துபோய் நிறுத்திவைக்கிறார்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வயிற்றைத் திறந்து குடலைத் தொட்டதுமே, நரம்புகள் வழியாக "நில்" என்ற உத்தரவு குடலுக்குப் போய்விடுகிறது. இது முதல் கட்டம். சில மணி நேரம் கழித்து இரண்டாவது கட்டம் தொடங்கும். கையாளப்பட்ட குடலின் தசைச் சுவருக்குள் அழற்சி உண்டாகி, தசை சுருங்கும் சக்தியைக் குறைக்கும். வலிக்குப் போடும் மார்ஃபின் வகை மருந்துகளும் குடலை மந்தமாக்கும். இப்படிக் குடல் அசையாமல் கிடப்பதைத்தான் டாக்டர்கள் 'ஐலியஸ்' என்கிறார்கள். அடைப்பு எதுவும் இருக்காது, ஓட்டம் மட்டும் நின்றிருக்கும்.

ஆனால் குடல் முழுவதும் ஒரே சமயத்தில் விழிப்பதில்லை. சிறுகுடல் ஒரு நாளுக்குள் அசையத் தொடங்கிவிடும், இரைப்பைக்கு ஓரிரு நாள் ஆகும், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். காற்று பிரிவது இந்தக் கடைசி ஆளின் வேலை. உணவைச் செரித்து உறிஞ்சுவதோ பெரும்பாலும் சிறுகுடல். பெருங்குடல் எழும்வரை சிறுகுடலைப் பட்டினி போட்டதுதான் பழைய விதி.

அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் டென்மார்க் அறுவை சிகிச்சை நிபுணர் ஹென்ரிக் கெலட். 1990-களில் இவர் முதுகில் மெல்லிய குழாய் வைத்து வலியை அடக்கி, மார்ஃபினைக் குறைத்து, அன்றைக்கே குடிக்கவும் எழுந்து நடக்கவும் வைத்தார். பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களில் பலர் இரண்டே நாளில் வீடு போனார்கள். அவர்களில் சிலர் மறுபடி வந்து சேரவேண்டியிருந்ததும் உண்மைதான்.

எல்லோருக்கும் இது இவ்வளவு சுலபமாக நடப்பதில்லை. பெருங்குடலின் வலப்பக்கத்தில் இருந்த கட்டியை எடுத்து, குடலை இணைத்துத் தைத்த 64 வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். முதல் நாள் மாலை தண்ணீர், மறுநாள் கஞ்சி, அரை இட்லி, வராந்தாவில் இரண்டு நடை. மூன்றாம் நாள் வயிறு டமாரமாக உப்பி, ஏப்பம் அதிகமாகி, பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கிறார். பட்டினி கிடந்தாலும் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம் என்று ஒரு நாளைக்குப் பல லிட்டர் நீர் குடலுக்குள் சுரக்கும். அது முன்னே போக முடியாமல் மேலே ஏறுகிறது. படுத்தபடி வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்தும் உண்டு. அதனால் உணவை நிறுத்தி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு நீரை வெளியேற்றுகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருக்கிறது. அதுவும் குடல் தசையைச் சோரவைக்கும் என்பதால் ட்ரிப்பில் ஈடுசெய்கிறார்கள். மார்ஃபினுக்குப் பதில் பாராசிட்டமால் போகிறது. சிடி ஸ்கேனில் கசிவு இல்லை. ஐந்தாம் நாள் காற்று பிரிகிறது, ஆறாம் நாள் மலம் போகிறது, எட்டாம் நாள் டிஸ்சார்ஜ்.

அந்த ஸ்கேன் சும்மா எடுத்ததல்ல. தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டாலும் முதலில் வெறும் ஐலியஸ் போலவே தெரியலாம். காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, கூடிக்கொண்டே போகும் வலி ஆகியவை சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். விட்டு விட்டு முறுக்கும் வலி என்றால் உண்மையான அடைப்பா என்று பார்ப்பார்கள்.

"நடந்தால்தான் குடல் நடக்கும்" என்று வார்டில் சொல்வார்கள். நடையால் மட்டும் குடல் சீக்கிரம் எழுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. காலில் ரத்தம் உறையாமலும், நுரையீரலில் சளி தேங்காமலும், தசை கரையாமலும் நடை காக்கும். நடக்கச் சொல்ல அதுவே போதுமான காரணம்.

வயிற்றில் கடகட சத்தம் கேட்டதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. திட உணவு வாந்தியில்லாமல் தங்கி, மலமும் போனால்தான் குடல் முழுதாகத் திரும்பியதற்கு நம்பகமான அடையாளம். வீட்டுக்குப் போனபின் வயிறு மறுபடி உப்பி வாந்தி வந்தால், கஷாயம் போட்டுப் பார்க்காமல், பேதி மாத்திரையும் தராமல், அதே அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அன்றைக்கே திரும்ப வேண்டும்.