செந்நிற ஒளியும் ஊமைப் பெட்டியும்



பத்து பெரண்டாமில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தினர் தொலைக்காட்சிக்கென்று சவுண்ட்பார் ஒன்றை வாங்கினார்கள். திரைக்குக் கீழே கிடத்தி வைக்கும் நீண்ட ஒலிபெருக்கி அது. ஒளி கேபிளை மாட்டினார்கள். படம் தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. "வாத்தியாரே, பெட்டி ஊமையா இருக்கு, திருப்பிக் கொடுத்திடலாமா?" என்று அந்த வீட்டம்மா கேட்டார்.

இந்தக் கேபிளில் மின்சாரம் ஓடுவதில்லை. பிளாஸ்டிக் இழையின் வழியே செந்நிற ஒளி விட்டுவிட்டு மின்னி ஒலியைச் சுமந்து செல்கிறது. 1983-இல் தோஷிபா நிறுவனம் இந்த முறையைக் கொண்டுவந்தது. ஒளி நேராகப் போய் விழவேண்டும். ஆகவே கேபிளின் முனை சற்று விலகியிருந்தாலும் சத்தம் அறுந்துவிடும்.

நான் முதலில் சவுண்ட்பார் பக்கத்து முனையைக் கழற்றினேன். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, முனையில் ஒளியே இல்லை. மறுமுனையைப் பார்த்தால், கடையிலிருந்து வந்த சிறு பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது! மூடியோடு திணித்ததால் அது பாதிதான் நுழைந்திருந்தது. மூடியை எடுத்துவிட்டு, முனையின் சதுர வடிவத்தைத் துளையோடு பொருத்தி, 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன். இப்போது சவுண்ட்பார் பக்கத்து முனையில் செம்புள்ளி தெரிந்தது. (கண்ணருகே வைத்து உற்றுப் பார்க்க வேண்டாம், உள்ளங்கையில் விழச்செய்தாலே போதும்.) அதையும் மாட்டி, சவுண்ட்பாரில் `D.IN` என்பதைத் தேர்ந்தெடுத்தேன். சில பெட்டிகளில் இது `OPT` என்று இருக்கும். உடனே செய்தி வாசிப்பவரின் குரல் கேட்டது.

வேலை முடிந்தது என்று எழுந்தேன். பையன் பென்டிரைவிலிருந்து ஒரு படம் போட்டான். மறுபடியும் மௌனம்! இங்கேதான் பலரும் கேபிளைக் குறை சொல்லிப் புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறார்கள். செய்தி பேசியதே, பிறகு கேபிளில் என்ன குறை? தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கிக்கு மாற்றிப் பார்த்தோம். படத்தில் வசனம் நன்றாகக் கேட்டது. ஆகவே படமும் பழுதில்லை.

உண்மை இதுதான். அந்தப் படத்தின் ஒலி டால்பி முறையில் பொதியப்பட்டிருந்தது. தொலைக்காட்சி அதைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பியது. விலை குறைந்த சவுண்ட்பார் பலவற்றுக்கு அந்தப் பொதியைப் பிரிக்கத் தெரியாது. புரியாத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதைப் போல அவை வாய் திறவா.

தொலைக்காட்சியின் ஒலி அமைப்புக்குள் `Digital Output Audio Format` என்றோ, அதையொத்த பெயரிலோ ஒரு வரி இருக்கும். இந்த வீட்டில் அது `Auto` என்றிருந்தது. சில வீடுகளில் `Bitstream` என்றிருக்கும். அதை `PCM` என்று மாற்றினேன். தொலைக்காட்சியே பொதியைப் பிரித்து, எளிய இரட்டை ஒலியாக அனுப்பத் தொடங்கியது. படம் பேசியது. பின்பக்க ஒலிபெருக்கிகள் உள்ள பெரிய செட்டாக இருந்தால் இதனால் சுற்றொலி குறையும். இவர்களுடையது ஒற்றைப் பெட்டி, நஷ்டம் ஒன்றுமில்லை.

இரண்டு கோளாறும் சேர்ந்திருந்ததால்தான் இவ்வளவு குழப்பம். முனை சரியாக அமராதபோது `PCM` என்று மாற்றியிருந்தாலும் பயன் தெரிந்திராது. 'அதுவும் இல்லை' என்று பழையபடி மாற்றிவிட்டிருப்போம். ஆகவே ஒளியை முதலில் பாருங்கள், பிறகு அமைப்பைத் தொடுங்கள். எல்லா நிகழ்ச்சியிலும் மௌனம் என்றால் கேபிளையும் `D.IN` தேர்வையும் பாருங்கள். சிலவற்றில் மட்டும் மௌனம் என்றால் பெரும்பாலும் அமைப்புதான்.

கேபிளை மடித்து ஆணியில் தொங்கவிடாதீர்கள். இழை உள்ளே முறிந்தால் ஒட்டவைக்க முடியாது; புதிதுதான் வாங்கவேண்டும்.