எந்தக் கிடங்கைத் திறப்பது?

அமெரிக்காவின் ஹண்ட்-வெஸ்ஸன் உணவு நிறுவனத்துக்கு 1970-களின் தொடக்கத்தில் 14 ஆலைகளும் 121 வாடிக்கையாளர் பகுதிகளும் இருந்தன. இடையில் கிடங்கு வைக்கத் தோதான இடங்கள் 45. ஒரு கிடங்கைத் திறக்கலாம் அல்லது விட்டுவிடலாம். பாதி திறக்க வழியில்லை. அதனால் அந்த 45 முடிவுகளும் 0 அல்லது 1. சரக்கு அப்படியல்ல, எவ்வளவு வேண்டுமானாலும் பிரித்து அனுப்பலாம். திறப்பது, மூடுவது என்ற தேர்வுகளை மட்டும் எண்ணினாலே சுமார் 35 லட்சம் கோடி வருகிறது.

ஜெஃப்ரியன், கிரேவ்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தீர்த்து 1974-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்டது நெதர்லாந்துக் கணிதவியலர் பெண்டர்ஸ் 1962-இல் எழுதிய முறை. எந்தக் கிடங்கு, எந்த வாடிக்கையாளருக்கு எது என்ற முழு எண் முடிவுகளை மட்டும் ஒரு முதன்மைக் கணக்கிடம் விட்டார்கள். அவை நிலைத்துவிட்டால் எஞ்சுவது வெறும் நேரியல் கணக்கு. அதுவும் 17 சரக்கு வகைகளுக்குத் தனித்தனிப் போக்குவரத்துக் கணக்குகளாகப் பிரிந்துவிடுகிறது. அந்தத் துணைக் கணக்கு செலவைச் சொல்வதோடு நிற்பதில்லை. முதன்மைக் கணக்குக்கு ஒரு கட்டுப்பாட்டையும் திருப்பி அனுப்புகிறது. துறையில் அதற்கு 'வெட்டு' என்று பெயர்.

வெட்டு எப்படிப் பிறக்கிறது என்பதுதான் முறையின் உயிர். சிறிய கணக்கு ஒன்றில் அதைப் பார்க்கலாம். மேற்கு, நடு, கிழக்கு என மூன்று கிடங்கு இடங்கள். திறக்கும் செலவு முறையே 25, 40, 30 லட்சம். மூன்று ஊர்களுக்குச் சரக்குப் போக வேண்டும். முதல் ஊருக்கு மேற்கிலிருந்து 10, நடுவிலிருந்து 30, கிழக்கிலிருந்து 50 லட்சம் ஆகும். இரண்டாம் ஊருக்கு அதே வரிசையில் 40, 15, 35. மூன்றாம் ஊருக்கு 60, 30, 10.

முதன்மைக் கணக்குக்கு ஆரம்பத்தில் போக்குவரத்து பற்றி எதுவுமே தெரியாது. செலவைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, மலிவான மேற்கை மட்டும் திறக்கச் சொல்கிறது: மொத்தம் 25. துணைக் கணக்கு போட்டுப் பார்த்தால் போக்குவரத்தே 10, 40, 60 என 110 ஆகிறது. உண்மையான மொத்தம் 135.

இப்போது அந்த 10, 40, 60 என்ற எண்களை ஒவ்வொரு ஊரின் விலையாகக் கொள்ளலாம். நடுவையும் திறந்தால் இரண்டாம் ஊரில் 25, மூன்றாம் ஊரில் 30 மிச்சம், ஆக 55. கிழக்கைத் திறந்தால் 5-உம் 50-உம், அதுவும் 55. ஆகவே போக்குவரத்துச் செலவு 110-இலிருந்து நடுவுக்கு 55, கிழக்குக்கு 55 கழித்த தொகைக்குக் கீழே போக முடியாது. இதுதான் முதல் வெட்டு. மேற்கைத் திறந்து பார்த்துக் கண்ட விலைகள், இன்னும் பார்க்காத தேர்வுகளுக்கும் ஒரு கீழ்வரம்பைக் கொடுத்துவிட்டன.

வெட்டைச் சேர்த்ததும் முதன்மைக் கணக்கு நடு, கிழக்கு இரண்டையும் திறக்கச் சொல்கிறது. இரண்டு கிடங்குகளின் மிச்சத்தையும் அது அப்படியே கூட்டிக்கொண்டதால் போக்குவரத்து பூஜ்யமாகி, மொத்தம் 70 போதும் என்று நம்புகிறது. உண்மையில் ஆவது 125. இந்த முறை வரும் வெட்டு: 55-இலிருந்து மேற்குக்கு 20 கழித்த தொகைக்குக் கீழே போகாது. அடுத்து கிழக்கு மட்டும், பிறகு நடு மட்டும். கீழ்வரம்பு 25, 70, 85, 95 என்று ஏறுகிறது. கையிலிருக்கும் நல்ல தீர்வு 135, 125, 115 என்று இறங்குகிறது. ஐந்தாம் சுற்றில் மேற்கும் கிழக்கும் திறக்க, கீழ்வரம்பும் உண்மைச் செலவும் 110-இல் சந்திக்கின்றன. இதைவிட மலிவான தீர்வு இல்லை என்பதற்கு அதுவே நிரூபணம்.

ஏழு தேர்வுகளில் ஐந்தைப் பார்த்தது பெரிய லாபமில்லைதான். ஹண்ட்-வெஸ்ஸன் கணக்கிலோ, வியக்கத்தக்க அளவு சில வெட்டுகளே போதுமாக இருந்தன.

எல்லாக் கணக்கும் இப்படிப் பணிவதில்லை. கிடங்குகளுக்குக் கொள்ளளவு இருந்தால், திறந்தவை தேவைக்கே போதாமல் போகலாம். அப்போது துணைக் கணக்குக்குத் தீர்வே கிடையாது. 'இந்தச் சேர்க்கையை எடுக்காதே' என்ற வேறு வகை வெட்டைத்தான் அதனால் தர முடியும். அது செலவைப் பற்றி எதுவும் சொல்லாது.

இன்னொரு தொல்லை நுட்பமானது. போக்குவரத்துக் கணக்கில் ஒரே செலவைத் தரும் விலைத் தொகுப்புகள் பல இருக்கக்கூடும். எதை எடுத்தாலும் வெட்டு தவறாகாது, ஆனால் பலவீனமாக இருக்கலாம். சுற்று மேல் சுற்றாக வெட்டுகள் குவிந்தும் கீழ்வரம்பு அசையாமல் நின்றால் இதைச் சந்தேகிக்கலாம். 1981-இல் மக்னான்டி, வோங் இருவரும் இதற்கு வழி சொன்னார்கள்: திறந்தும் திறக்காமலும் இருக்கும் ஓர் இடைநிலைப் புள்ளியை, 0-க்கும் 1-க்கும் நடுவிலான பின்னங்களால் குறித்துக்கொண்டு, சமமான விலைகளில் அந்தப் புள்ளியில் அதிகக் கீழ்வரம்பைத் தருவதைத் தேர்ந்தெடுப்பது. அதற்காக ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக ஒரு நேரியல் கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கும்.