வானாக்ரையை வைத்து மூன்று அட்டவணைகள்

காம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ் தேர்வுக்குப் படிப்பவர்களின் நோட்டில் மூன்று அட்டவணைகள் கட்டாயம் இருக்கும்: அச்சுறுத்தல்கள், கட்டுப்பாடுகள், குறியாக்க வகைகள். தேர்வு 90 நிமிடம். அதிகபட்சம் 90 கேள்விகள். 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் 750 எடுத்தால் தேர்ச்சி. அட்டவணைகளை மனப்பாடம் செய்தவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். காரணம், பல கேள்விகள் வரையறையைக் கேட்பதில்லை. ஒரு நிகழ்வைச் சொல்லி, இது எந்தக் கட்டத்தில் சேரும் என்று கேட்கின்றன. அதனால் ஒரே சம்பவத்தை எடுத்து மூன்று அட்டவணைகளிலும் பொருத்திப் பார்ப்பதுதான் சரியான படிப்பு என்பேன். அதற்கு 2017 மே 12 வெள்ளிக்கிழமை உலகெங்கும் பரவிய வானாக்ரையை விடப் பொருத்தமான சம்பவம் இல்லை.

அன்று இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மருத்துவமனைகளை நடத்தும் 236 டிரஸ்டுகளில் குறைந்தது 80 சிக்கலில் மாட்டின. கணினித் திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று தோன்றி, பிட்காயினில் 300 டாலர் கேட்டது. மூன்று நாளில் தராவிட்டால் 600. கோப்புகளின் பெயருக்குப் பின்னால் `.WNCRY` ஒட்டிக்கொண்டிருந்தது.

யாரோ ஒரு ஊழியர் போலி மின்னஞ்சலைத் திறந்திருப்பார் என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். ஆனால் அங்கே மின்னஞ்சலுக்கு வேலையே இல்லை. இந்த இடத்தில் முதல் அட்டவணை உதவுகிறது.

| அச்சுறுத்தல் | நுழைய மனிதர் உதவி வேண்டுமா? | பரவும் விதம் |
|---|---|---|
| வைரஸ் | வேண்டும். கோப்பை யாராவது இயக்க வேண்டும் | வேறு கோப்புகளில் ஒட்டிக்கொண்டு |
| ட்ரோஜன் | வேண்டும். நல்ல மென்பொருள் என்று நம்பி நிறுவ வேண்டும் | தானாகப் பரவாது |
| ஃபிஷிங் | வேண்டும். ஏமாந்து சொடுக்க வேண்டும் | மின்னஞ்சல், குறுஞ்செய்தி |
| வேர்ம் | வேண்டாம் | நெட்வொர்க் வழியே தானாக |

இந்தப் பட்டியலில் ரேன்சம்வேரை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அது நுழைந்த பிறகு செய்யும் வேலையின் பெயர். நுழையும் வழியின் பெயர் அல்ல. வானாக்ரை வேர்மாக நுழைந்து ரேன்சம்வேராக வேலை செய்தது. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் 445ஆம் போர்ட்டில் இருந்த ஓட்டைதான் அதன் வாசல். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ அந்த ஓட்டைக்காக எடர்னல்ப்ளூ என்ற கருவியை வைத்திருந்தது. அது திருடுபோய் 2017 ஏப்ரலில் இணையத்தில் வெளியானது. அதற்கு முன்பே, மார்ச் 14ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் `MS17-010` என்ற பேட்சை வெளியிட்டிருந்தது. தாக்குதலுக்கு 59 நாள் முன்னால்.

ஆக, மருந்து கையில் இருந்தும் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது அட்டவணையின் விஷயம் இதுதான். கட்டுப்பாடு என்பது ஆபத்தைக் குறைக்கச் செய்யும் எந்த ஏற்பாடும். அது எப்போது வேலை செய்கிறது என்பதை வைத்து வகை பிரிக்கிறார்கள்.

| வகை | என்ன செய்யும் | வானாக்ரையில் |
|---|---|---|
| தடுப்பு | நடக்கவிடாது | `MS17-010` பேட்ச், 445ஐ மூடும் ஃபயர்வால் |
| கண்டறிதல் | நடக்கும்போது காட்டிக்கொடுக்கும் | ஒரே கணினி 445 வழியே நூற்றுக்கணக்கான முகவரிகளைத் தட்டுவதைப் பார்க்கும் கண்காணிப்பு |
| சீர்செய்தல் | நடந்தபின் மீட்கும் | பேக்கப்பிலிருந்து மீட்பது |
| வழிகாட்டல் | என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் | பேட்ச் போடச் சொல்லும் விதிமுறை |
| ஈடுசெய்தல் | உரியதைச் செய்ய முடியாதபோது மாற்று | கீழே பார்க்கவும் |

அச்சமூட்டி விலக்கும் வகை ஒன்றும் உண்டு. எச்சரிக்கைப் பலகை அதில் சேரும். வானாக்ரைக்கு அதனால் பயன் இல்லை, எனவே விட்டுவிட்டேன்.

கேள்விகளில் அதிகம் ஏமாற்றுவது ஈடுசெய்யும் வகை. மருத்துவமனையின் ஸ்கேன் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஓடுவது பழைய விண்டோஸ். தயாரித்த நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அதில் பேட்ச் போட முடியாது, இயந்திரத்தைத் தூக்கிப் போடவும் முடியாது. அப்போது அதைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி, படத்தை வாங்கும் சர்வரைத் தவிர வேறு எதனோடும் அது பேசாதபடி செய்வார்கள். ஓட்டை அப்படியே இருக்கிறது; ஆனால் அதை யாரும் எட்ட முடியாது. கேள்வியில் ‘பேட்ச் போட வழியில்லை’ என்ற குறிப்பு வந்தால் விடை பெரும்பாலும் இந்த வகைதான்.

வழிகாட்டல் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே என்ஹெச்எஸ் சாட்சி. பேட்ச் போடச் சொல்லி மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கைகள் போயிருந்தன. எல்லா இடத்திலும் போட்டார்களா என்று உறுதிசெய்யும் ஏற்பாடு இல்லை.

மூன்றாவது அட்டவணைதான் மாணவர்களை அதிகம் மிரட்டுகிறது.

| | சமச்சீர் (ஏஇஎஸ்) | சமச்சீரற்ற (ஆர்எஸ்ஏ) | ஹாஷ் (ஷா-256) |
|---|---|---|---|
| சாவி | பூட்டவும் திறக்கவும் ஒன்றே | பொதுச் சாவி பூட்டும், தனிச் சாவி திறக்கும் | சாவி இல்லை |
| வேகம் | மிக அதிகம் | மிகக் குறைவு | அதிகம் |
| திரும்பப் பெறலாமா? | ஆம் | ஆம் | முடியாது |
| எதற்கு | பெரிய கோப்புகள் | சாவியைக் கைமாற்ற, கையொப்பமிட | மாற்றம் நடந்ததா என்று பார்க்க |

வானாக்ரை இதில் எந்தப் பத்தி? இரண்டும். 20 எம்பி எக்ஸ்ரே படம் ஒன்றை அது பூட்டுவதாக வைத்துக்கொள்வோம். 2048 பிட் ஆர்எஸ்ஏ ஒரு தடவைக்கு அதிகபட்சம் 245 பைட்தான் ஏற்கும், அதுவும் மெதுவாக. எனவே படத்தை ஏஇஎஸ் பூட்டுகிறது. அந்தக் கோப்புக்கென்றே 16 பைட் நீளத்தில் புதிய சாவி ஒன்று உருவாகிறது. அந்தச் சின்னச் சாவியை ஆர்எஸ்ஏ பொதுச் சாவியால் பூட்டி, கோப்பின் தலைப்பிலேயே வைத்துவிடுகிறது. திறப்பதற்கான தனிச் சாவியும் பாதிக்கப்பட்ட கணினியிலேயே `00000000.eky` என்ற கோப்பில்தான் இருக்கிறது. ஆனால் அதையும் தாக்குபவர்களின் பொதுச் சாவி பூட்டியிருக்கிறது. அதைத் திறக்கும் சாவி மட்டும் அவர்களிடம். எல்லாம் நம் கணினியில் இருந்தும் நமக்கு எதுவும் பயன்படாது.

கோப்பை ஏஇஎஸ், அதன் சாவியை ஆர்எஸ்ஏ என்று பிரித்துக்கொள்ளும் இதே கலப்பு முறையில்தான் பாதுகாப்பான மின்னஞ்சலும் வேலை செய்கிறது. வங்கி இணையதளத்திலும் தரவைப் பூட்டுவது சமச்சீர் சாவிதான். ஒரு வேறுபாடு உண்டு: 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3, சாவியை ஆர்எஸ்ஏயால் பூட்டி அனுப்புவதை நிறுத்திவிட்டது. டிஃபி-ஹெல்மன் முறையில் இரு தரப்பும் சேர்ந்தே சாவியை உருவாக்குகின்றன.

வானாக்ரையின் பூட்டைக் கணக்குப் போட்டு யாரும் உடைக்கவில்லை. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர், அது தேடிப் பார்த்த, யாரும் பதிவு செய்யாத ஒரு இணைய முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்தார். முகவரி பதில் சொன்னதும் வேர்ம் வேலையை நிறுத்திக்கொண்டது. ஆனால் ஏற்கெனவே பூட்டியவை திறக்கவில்லை. சில நாள் கழித்து அட்ரியன் கீனே எழுதிய கருவி ஒன்று வந்தது. ஆர்எஸ்ஏ சாவியை உண்டாக்கிய இரண்டு பகா எண்களைக் கணினியின் நினைவகத்தில் அது தேடியது. விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய பதிப்புகளில், கணினியை மறுபடி தொடங்காமல் வைத்திருந்தால் மட்டுமே அவை சிக்கின, அதுவும் எப்போதும் அல்ல.

ஆகவே ‘ரேன்சம்வேர் பூட்டிய கோப்புகளை மீட்க எது உதவும்’ என்று கேட்டால், குறியாக்க அட்டவணையில் விடை தேடாதீர்கள். சீர்செய்தல் வரிசையில், நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்த பேக்கப் என்பதே விடை.