பெருவிரல் அடியில் தள்ளிய மொழி

எனது வலது பெருவிரலின் அடி மொழி வெளியே தள்ளத் தொடங்கிப் பல வருடங்கள். எலும்பு வளர்கிறது என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தேன். ஓர் இந்திரவிழா இரவு, வல்வெட்டித்துறை அம்மன் கோயிலடியிலிருந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வீடு வந்தேன். வெறுங்காலில் நடந்தபோது வலி பாதியாகக் குறைந்தது.

டொக்டரிடம் அதைச் சொன்னபோது, "அப்ப செருப்பைத்தான் முதலில பாக்கவேணும்" என்றார். இதற்கு மருத்துவத்தில் 'பனியன்' என்று பெயராம். (உடுக்கிற பெனியன் அல்ல!) பாத எலும்பு உட்பக்கம் விலக, பெருவிரல் அடுத்த விரலை நோக்கிச் சாய்கிறது. அப்போது மூட்டு புடைத்து நிற்கிறது. எண்ணெயால் அது கரையாது. என் அம்மாவுக்கும் இருந்தது. பாத அமைப்பு பரம்பரையாக வரும். ஒடுங்கிய செருப்பு அதை உரசி நோகச் செய்யும்.

வீட்டிலேயே அளந்து பார்த்தேன். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், கொப்பித்தாளில் முழுப்பாரத்தையும் ஊன்றி நின்று, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றிக் கோடு போட வேண்டும். என் பாதத்தின் அகலம் 9.8 சென்ரிமீற்றர். கூர்மூக்குச் செருப்பின் அடியோ 8.5 தான்! இப்போது கடைக்கு அந்தத் தாளுடன்தான் போகிறேன். கோடு செருப்பின் அடிக்குள் அடங்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் இடம் வேண்டும். குதி தாழ்வாகவும், வார் மொழியின் மேல் ஏறாமலும், பின்வார் காலைப் பிடித்துக்கொள்வதாகவும் இருப்பது நல்லது. பின்வார் இல்லாவிட்டால் செருப்பு கழன்றுவிடாமல் விரல்களால் இறுக்கிக்கொண்டு நடக்க வேண்டிவரும்.

சில வாரங்கள் அகலச் செருப்புப் போட்டும் வலி குறையாவிட்டாலோ, பெருவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறினாலோ ஊறணி வைத்தியசாலையிலோ மந்திகை ஆதார வைத்தியசாலையிலோ காட்டுங்கள். மூட்டு திடீரெனச் சிவந்து, சூடாகி, தொட முடியாமல் நொந்தால் அது கிருமித் தொற்றாகவோ யூரிக் அமில வாதமாகவோ இருக்கலாம். அன்றே போக வேண்டும்.

வலியே தெரியாத கால்தான் எனக்குப் பெரிய பயம். 1987 இல் ஷெல் துண்டு பட்டு நரம்பு அறுந்த அயலவர் ஒருவருக்கு மொழியில் செருப்பு உரசிப் புண்ணானது. செருப்பில் இரத்தக் கறையைக் கண்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஆறுவதற்கு மாதங்கள் பிடித்தன. இப்படி உணர்வு குறைந்த கால் உள்ளவர்களும், சலரோகம் உள்ளவர்களும், ஒரு காலை இழந்து மறுகாலில் பாரம் தாங்குபவர்களும் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. தினமும் இரவில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். சிறு கொப்புளம் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சத்திரசிகிச்சை பற்றியும் கேட்டேன். அழகுக்காகச் செய்வதில்லை, வலி நடையைக் கெடுத்தால்தான் என்றார் டொக்டர். செய்தால் கால் தேறப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்களும் ஆகும். எனக்கு அது தேவைப்படவில்லை. மொழி அப்படியேதான் தள்ளி நிற்கிறது. சந்தைக்கு நடந்து போய் வருகிறேன்.