தகவல் மனு: கேட்கும் முறையும் மறுத்தால் முறையிடும் வழியும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1997-லேயே இதற்கென ஒரு மாநிலச் சட்டம் இருந்தது. இன்று எல்லோரும் மனுப் போடுவது 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்கீழ்தான். இந்தச் சட்டம் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. அதிகாரியிடம் விளக்கமோ கருத்தோ கேட்டு வாங்கும் உரிமையை அது தரவில்லை. 2011-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மனுக்கள் பலவும் தோற்பதற்கு இந்த வேறுபாட்டைக் கவனிக்காததே காரணம்.

ஊராட்சி ஒன்றியம் போட்ட தார்ச்சாலை ஒன்று முதல் மழையிலேயே பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். “சாலை ஏன் தரமில்லாமல் போடப்பட்டது?” என்று மனுவில் கேட்டால், அது பதிவு அல்ல, கருத்து என்று சொல்லி அலுவலகம் கைகழுவிவிடலாம். அதே மனுவில் அந்தச் சாலையின் பெயரையும் பணி நடந்த நிதியாண்டையும் குறிப்பிட்டு, மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தில் அந்தப் பணிக்குரிய பக்கங்களின் நகல், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியலின் நகல் என்று கேட்டால் தட்டிக்கழிக்க இடமில்லை. அலுவலகத்தில் ‘எம் புக்’ என்று சொல்லப்படும் அளவுப் புத்தகத்தில்தான் சாலையின் நீளம், அகலம், கனம் எல்லாம் பொறியாளரால் அளந்து எழுதப்பட்டிருக்கும். ஏட்டில் உள்ள கனமும் தரையில் உள்ள கனமும் ஒன்றா என்பதை அந்தப் பக்கம் கைக்கு வந்ததும் ஊர்க்காரர்களே அளந்து பார்த்துவிடலாம்.

மனுவுக்குத் தனிப் படிவம் தேவையில்லை. வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்கும் அதிகாரமும் அலுவலருக்கு இல்லை. தமிழ்நாட்டு அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கட்டணத்தை நீதிமன்றக் கட்டண வில்லையாக மனுவிலேயே ஒட்டலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு அந்த வில்லை செல்லாது. அங்கே போஸ்டல் ஆர்டர் போன்ற வேறு வழியில் கட்ட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் சான்றின் நகலை இணைத்தால் கட்டணமே இல்லை. மனுவின் நகலையும், அது போய்ச் சேர்ந்த தேதியைக் காட்டும் தபால் ஒப்புகையையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.

தவறான அலுவலகத்துக்குப் போய்விட்ட மனுவை ஐந்து நாளைக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அலுவலரின் கடமை. “எங்களிடம் இல்லை” என்று திருப்பி அனுப்ப முடியாது. சரியான இடத்துக்கு வந்த மனுவுக்கு 30 நாளைக்குள் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவலாக இருந்தால் 48 மணி நேரம். நகல்களுக்கு ஏ4 பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் கேட்டுக் கடிதம் வரும். அந்தக் கடிதம் அனுப்பிய நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடையே ஓடும் நாள்கள் கணக்கில் சேராது. கெடு தாண்டிய பிறகு தருவதென்றால் இலவசமாகவே தர வேண்டும்.

மறுப்பு பெரும்பாலும் மறுப்பு என்ற பெயரில் வருவதில்லை. சில நேரம் பதிலே வராது. 30 நாள் கழிந்தால் அதைச் சட்டம் மறுப்பாகவே கொள்கிறது. சில நேரம் “கோப்பு கிடைக்கவில்லை” என்று இரண்டு வரி வரும். தொலைந்த கோப்பு என்பது சட்டத்தில் சொல்லப்பட்ட விலக்கு அல்ல. முறையாகத் தேடவும், காணாமல் போனதற்கு யார் பொறுப்பு என்று விசாரிக்கவும் உத்தரவிடலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் கூறியிருக்கிறது. முறையான மறுப்பு என்றால் அதில் எந்தப் பிரிவின்படி மறுக்கப்படுகிறது, ஏன், யாரிடம், எத்தனை நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்ற விவரங்கள் இருந்தாக வேண்டும். பிரிவைச் சொல்லாத மறுப்புக் கடிதம் அலுவலகத்துக்கே பாதகமானது.

சாலை மனுவுக்கு “ஒப்பந்ததாரரின் வணிக ரகசியம்” என்று பதில் வரக்கூடும். சட்டத்தின் 8-ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு உண்டு. ஆனால் வெளியானால் அவருடைய போட்டித் திறன் பாதிக்கப்படும் என்றால்தான் அது பொருந்தும். அரசுப் பணத்தில் முடிந்துபோன வேலையின் அளவுகளில் அப்படிப்பட்ட ரகசியம் எதுவும் இல்லை. ஒப்பந்ததாரர் ரகசியமாகக் கருதிக் கொடுத்த விவரம் என்றால் அவருக்கு அறிவிப்பு அனுப்பி, 10 நாளைக்குள் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஆட்சேபம் சொல்லலாமே தவிர, தடுத்து நிறுத்தும் உரிமை அவருக்கு இல்லை. தனிநபர் விவரம் என்ற விலக்குத்தான் இப்போது கடினமானது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த விலக்கை முன்பைவிட அகலமாக்கிவிட்டது. ஆனாலும் பொதுநலன் மேலோங்கும்போது தகவலைத் தரலாம் என்ற விதி அப்படியே இருக்கிறது. ஒரு பக்கத்தில் மறைக்க வேண்டிய வரி இருந்தால், அதை மட்டும் அடித்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது.

முதல் மேல்முறையீடு அதே அலுவலக அமைப்பில் தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் உள்ள அதிகாரியிடம் செய்யப்படுகிறது. மனு ஜூன் 2-ஆம் தேதி சேர்ந்து பதில் வரவில்லை என்றால், கெடு ஜூலை 2-இல் முடிகிறது. அதிலிருந்து 30 நாள், அதாவது ஆகஸ்ட் 1-க்குள் முறையிட வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் வழி உண்டு. கோபத்தைக் கொட்டுவதற்கான இடம் இதுவல்ல. எந்தத் தேதியில் என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது, அது ஏன் பொருந்தாது என்று எழுதி, மனுவின் நகலையும் ஒப்புகையையும் இணைப்பதே போதும். இதற்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. 30 நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிந்தால் 45 நாள் வரை போகலாம்.

அங்கேயும் கிடைக்காவிட்டால் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு 90 நாளைக்குள் இரண்டாம் மேல்முறையீடு. முதல் முறையீடு ஜூலை 10-இல் சேர்ந்து முடிவு எதுவும் வராமல் போனால், ஆகஸ்ட் 9-இலிருந்து எண்ணி நவம்பர் 7-க்குள் அனுப்பிவிடுவது பாதுகாப்பானது. விசாரணையில் மறுப்பு சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு தகவல் அலுவலருடையது. கேட்டவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. தகுந்த காரணமின்றிக் காலம் கடத்திய அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம். அதை அவர் சொந்தப் பணத்திலிருந்து அரசுக்குக் கட்ட வேண்டும். மனுதாரருக்கு அது வராது. நட்டம் ஏற்பட்டிருந்தால் மனுதாரர் இழப்பீட்டைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஆணையத்துக்கு 18-ஆம் பிரிவின்கீழ் வெறும் புகாராகவும் எழுதலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் புகாரின் பேரில் ஆணையம் தண்டம் விதிக்க முடியுமே தவிர, தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது என்பது மணிப்பூர் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. அளவுப் புத்தகத்தின் பக்கம் வேண்டும் என்றால் 19-ஆம் பிரிவின்படி மேல்முறையீடாகவே போக வேண்டும். இரண்டாம் மேல்முறையீட்டை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் எந்தக் கெடுவும் வைக்கவில்லை. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆணையத்தின் முடிவும் திருப்தி தரவில்லை என்றால், கீழ் நீதிமன்றங்களில் வழக்குப் போட 23-ஆம் பிரிவு தடையாக நிற்கிறது. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்வது ஒன்றே மீதமுள்ள வழி.