கால் அலைக்குள் சிக்கிய விடை

பொள்ளாச்சியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "டபிள்யூ.கே.பி. முறை சீரிசை அலையியற்றிக்கு அச்சு அசலான விடை தருகிறதே, பிறகு ஏன் அதைத் தோராயம் என்கிறார்கள்?" அவர் ஊரில் பிறந்த இயற்பியலாளர் எம். லட்சுமணன், 1981ல் சுவீடனின் கார்ல்சன், ஃப்ரோமன் ஆகியோருடன் சேர்ந்து, இதே முறையின் செம்மையான வடிவத்தைக் கொண்டு x⁴ வகை அலையியற்றிகளின் ஆற்றல் மட்டங்களை ஆராய்ந்தார். நாமும் x⁴ஐயே எடுத்துக்கொள்வோம். சீரிசை அலையியற்றி மறைப்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இரு திரும்புபுள்ளிகளுக்கு நடுவே ∫ p dx = (n + ½)πħ. அந்த ½ வருவது இரண்டு ஓரங்களிலும் அலை சற்றே சுவருக்குள் கசிவதால். ஓரத்துக்குக் கால் வீதம் இரண்டு கால்கள். H = p² + x⁴, ħ = 1 என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒரே வரியில் முடிகிறது:

E = 2.185 (n + ½)^(4/3)

n = 4க்கு இது 16.234 தருகிறது. உண்மை மதிப்பு 16.262. பிழை ஆயிரத்துக்கு இரண்டுகூட இல்லை. n = 1க்கு 3.752, உண்மை 3.800. இங்கும் பிழை ஒரு சதவீதத்தைச் சற்றுத்தான் தாண்டுகிறது. ஆனால் n = 0க்கு வந்தால் 0.867, உண்மையோ 1.060. பதினெட்டு சதவீதம் சறுக்கல்.

காரணம் விதியிலேயே இருக்கிறது. அடிமட்டத்தில் வலப்பக்கம் வெறும் π/2. அதாவது இரு திரும்புபுள்ளிகளுக்கு நடுவே கால் அலைதான் இருக்கிறது. n = 4ல் இரண்டேகால் அலை. வால்பாறை மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் போகும்போது, ஒவ்வொரு கணமும் சாலை ஏறக்குறைய நேராகவே தெரியும். அதே வளைவில் நீளமான லாரி திரும்பும்போது முன்பக்கம் ஒரு திசையிலும் பின்பக்கம் வேறு திசையிலும் நிற்கும். டபிள்யூ.கே.பி. பைக்குக்கான கணக்கு: ஓர் அலைநீளத்துக்குள் நிலையாற்றல் அதிகம் மாறக்கூடாது. அடிமட்ட அலை லாரி. ஓரங்களைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டலாம் என்ற நம்பிக்கை அங்கே செல்லாது, ஏனென்றால் இரண்டு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன.

அப்படியானால் x²க்கும் அடிமட்டத்தில் கால் அலைதானே? ஆமாம். ஆனால் அங்கே அடுத்தடுத்த திருத்தங்கள் ஒவ்வொன்றும் சுழியாகிவிடுகின்றன. அது அந்த வளைவு போன்ற சிலவற்றுக்கு மட்டுமே வாய்த்த சலுகை. x⁴ல் முதல் திருத்தத்தைச் சேர்த்தால் 0.867 என்பது 0.981 ஆகிறது. பாதிக்குமேல் பிழை குறைகிறது. ஆனால் இந்தத் தொடர் முடிவில்லாமல் மேம்படும் வகையல்ல. ஓர் எல்லைக்குப் பிறகு உறுப்புகளைச் சேர்க்கச் சேர்க்க விடை கெடும். n சிறிதானால் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, தொடர் எதைத் தவறவிடுகிறது என்பதுதான். x⁴ = E என்ற சமன்பாட்டுக்கு நான்கு மூலங்கள். இரண்டு மெய்யெண்கள், இரண்டு கற்பனை எண்கள். நான்கும் மையத்திலிருந்து ஒரே தொலைவில். நம் விதி மெய்யான இரண்டை மட்டும் கணக்கில் எடுக்கிறது. மற்ற இரண்டின் பங்கும் விடையில் உண்டு என்று 1978ல் பாலியான், பாரிசி, வோரோஸ் மூவரும் காட்டினார்கள். அதன் அளவு ஏறத்தாழ e^(−π(n+½)). n = 4ல் அது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. n = 0ல் 0.21. துகள் ஒருநாளும் போகாத இடம், அடிமட்டத்தை இவ்வளவு தூரம் அசைக்கிறது.

இரட்டைக் குழியில் பிழை வேறு முகம் காட்டும். நடுமேட்டின் உச்சிக்கு அருகே உள்திரும்புபுள்ளிகள் இரண்டும் நெருங்கி ஒன்றாகும். அங்கே செவ்வியல் துகளின் அலைவுக்காலம் முடிவிலிக்குப் போவதால், மட்டங்களின் இடைவெளி சுழியாகிறது என்று விதி சொல்லும். உண்மை மட்டங்கள் நெருங்கும், ஆனால் அப்படி ஒட்டிக்கொள்ளாது.

நம் தேர்வுத்தாள்களில் இணைப்பு வாய்பாடுகளைத் தருவிக்கச் சொல்வார்கள். மாணவர்கள் மூன்று பக்கம் ஒப்பிப்பார்கள். ஓர் எண்ணைக் கணக்கிட்டு உண்மையோடு ஒப்பிடச் சொல்லும் கேள்வியை நான் பார்த்ததே அரிது. எடுத்துக்காட்டாகத் தருவதும் பெரும்பாலும் சீரிசை அலையியற்றிதான். இந்த முறை தோற்கவே முடியாத இடம். வாசகியின் குழப்பம் அங்கேதான் பிறந்தது. அடுத்த முறை இந்த விதியைப் பயன்படுத்துமுன், இடையில் எத்தனை அலை அடங்குகிறது என்று எண்ணிவிடுங்கள். பிறகு முதல் திருத்தத்தைப் போட்டுப் பாருங்கள். 0.867 போல விடை பத்து சதவீதத்துக்குமேல் நகர்ந்தால், சமன்பாட்டைக் கணினியில் நேரடியாகத் தீர்ப்பதே நல்லது.