இருபது பேரும் பத்தொன்பது கோடுகளும்

என்னிடம் பயின்ற ஒருவர் இன்று ஓர் அச்சகத்தின் உரிமையாளர். அங்கு வேலை பார்ப்போர் அவரையும் சேர்த்து இருபது பேர். யார் யாருக்குக் கீழ்ப்பட்டவர் என்பதைக் காட்டும் அமைப்புப் படம் ஒன்று வரைந்து தருமாறு அவர் கேட்டார்.

அவர் சொல்லச் சொல்ல வரைந்திருந்தால் அரைமணியில் முடிந்திருக்கும். ஆனால் அது அவர் மனத்திலுள்ள படமாகவே இருந்திருக்கும். ஆதலால் ஒவ்வொருவரையும் தனியே கண்டு, மூன்று வினாக்கள் கேட்டேன். உங்களுக்கு அன்றாடம் வேலை ஒதுக்குபவர் யார்? விடுப்பு வேண்டுமெனில் யாரிடம் கேட்பீர்கள்? பிழை நேர்ந்தால் யாருக்கு விடை சொல்வீர்கள்? மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் ஒரு கோடு இட்டேன். வேறு வேறு பெயர் வந்தால், வந்த பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இட்டேன்.

உரிமையாளருக்கு மேலே எவருமில்லை. மற்றப் பத்தொன்பது பேருக்கும் மேல்நோக்கி ஆளுக்கொரு கோடு இருத்தல் வேண்டும். நான் எண்ணியபோதோ இருபத்தொன்று இருந்தன. இரண்டுதானே மிகை என்று எண்ணிவிடாதீர்கள். கட்டம் கட்டமாகப் பார்த்தபோது மூவருக்கு இரண்டிரண்டு கோடுகள் இருந்தன. இரவுக் காவலருக்கு ஒன்றுகூட இல்லை! மொத்தத்தை மட்டும் எண்ணினால் ஒரு குறை மற்றொன்றை மறைத்துவிடும்.

அம்மூவருள் ஒருவர் காகிதம் வெட்டுபவர். அச்சுப் பிரிவின் மேற்பார்வையாளர் ஓர் அளவு சொன்னார். பைண்டிங் மேஸ்திரி வேறோர் அளவு சொன்னார். தாள் வீணாயிற்று. நட்டம் வெட்டியவர் கூலியில் பிடிக்கப்பட்டது. ஒருவருக்கு ஆணையிடுவோர் ஒருவரே இருத்தல் வேண்டுமென ஹென்றி ஃபயோல் என்னும் பிரெஞ்சு நாட்டுப் பொறியாளர் 1916-இலேயே எழுதிவைத்தார். அவ்வேழைத் தொழிலாளி இருவர் சொல்லையும் கேட்டதன்றி வேறு பிழை செய்யவில்லை.

வெட்டும் இயந்திரம் பைண்டிங் அறையில் இருப்பதாலும், பெரும்பாலான வெட்டு வேலை அங்கேயே நடப்பதாலும், முழுக்கோட்டை மேஸ்திரிக்கு இட்டோம். அச்சுப் பிரிவுக்குப் புள்ளிக்கோடு. அதாவது, அளவை அவர்கள் சீட்டில் எழுதி மேஸ்திரியிடம் தருவர், ஆணை மேஸ்திரியுடையது. மெய்ப்புத் திருத்துபவர் வடிவமைப்புத் தலைவரின் கீழும், வண்டியோட்டி மேலாளரின் கீழும் வந்தனர். உரிமையாளரும் கணக்கரும் அவர்களிடம் வாங்கும் வேலைக்குப் புள்ளிக்கோடு போதுமானதாயிற்று. புள்ளிக்கோட்டைக் கணக்கில் சேர்த்தலாகாது.

கட்டங்களில் முதலில் பதவியை எழுதி, அதன்கீழ் பெயரைப் பென்சிலால் எழுதினேன். ஆள் மாறினாலும் பதவி இருக்கும். சம்பள வேறுபாட்டைக் கட்டத்தின் உயரத்தால் காட்ட உரிமையாளர் விரும்பினார். நான் இசையவில்லை. இந்தப் படம் சொல்வது ஆணை செல்லும் வழியை மட்டுமே, மதிப்பையன்று.

படத்தின் மூலையில் தேதியிட்டுச் சுவரில் ஒட்டினோம். பிடித்த கூலியை உரிமையாளர் அந்த வாரமே திருப்பித் தந்தார். காவலரை மேலாளரின் கீழ்ச் சேர்த்தோம். தமக்கு விடுப்பு உண்டென்பதையே அவர் அன்றுதான் அறிந்தார்.